சர்க்கரைக்குச் சத்து மாத்திரை: டப்பா என்ன சொல்கிறது?

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராக முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் மாத்திரை அட்டையோடு வீட்டுத் திண்ணைக்கு வருகிறவர்கள் குறைந்தபாடில்லை. முன்பெல்லாம் "இது சாப்பாட்டுக்கு முந்தியா, பிந்தியா?" என்று கேட்பார்கள். இப்போது கேள்வி மாறிவிட்டது. "சர்க்கரைக்கு இது நல்லதாமே?" என்று பளபளப்பான பிளாஸ்டிக் டப்பாவை நீட்டுகிறார்கள். குரோமியம், மெக்னீசியம், வைட்டமின் டி என்று பெயர்கள் வரிசையாக இருக்கும். மணமேல்குடி கடைத்தெருவில் வாங்கியவர்களும் உண்டு, அறந்தாங்கியில் வாங்கியவர்களும் உண்டு, வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பியதைக் கொண்டுவருகிறவர்களும் உண்டு.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் டப்பாவைத் திருப்பிப் பார்க்க வேண்டும். முன்பக்கம் விற்பதற்கு, பின்பக்கம் சட்டத்துக்கு. மெட்ஃபார்மின் அட்டையில் மருந்து தயாரிப்பு உரிமம் எண் இருக்கும். இந்த டப்பாக்களில் பெரும்பாலும் அது இருக்காது. அதற்குப் பதில் பிஸ்கட், ஊறுகாய்ப் பாட்டிலில் இருப்பது போல உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் இருக்கும். கூடவே சின்ன எழுத்தில் 'ஹெல்த் சப்ளிமென்ட்' என்றும், 'நாட் ஃபார் மெடிசினல் யூஸ்' என்றும் போட்டிருப்பார்கள். மருந்தாகப் பயன்படுத்த அல்ல என்று பொருள். இது சட்டத்தின் கண்ணில் ஓர் உணவுப் பொருள். சர்க்கரையைக் குறைக்கிறதா என்று யாரும் சோதித்துப் பார்த்து அனுமதி கொடுத்ததில்லை.

அப்படியானால் முன்பக்கத்தில் 'சுகர் சப்போர்ட்', 'குளுக்கோஸ் பேலன்ஸ்' என்றெல்லாம் எப்படிப் போடுகிறார்கள்? 1954-ஆம் ஆண்டு வந்த மருந்து மற்றும் மாய நிவாரணங்கள் விளம்பரத் தடைச் சட்டத்தில், குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியல் ஒன்று உண்டு. நீரிழிவு அதில் இருக்கிறது. 'குணமாக்கும்' என்று எழுதினால் மாட்டிக்கொள்வார்கள். 'சப்போர்ட்' என்றால் துணை நிற்கும், அவ்வளவுதானே? எதற்குத் துணை, எவ்வளவு துணை என்று யாரும் கேட்க முடியாது. படிக்கிற நாம் அதைக் 'குறைக்கும்' என்று மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொள்கிறோம்.

என் மச்சான் ஒருவர், வயது அறுபத்தாறு, அப்படித்தான் படித்துக்கொண்டார். பதினோரு வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் காலையில் ஒன்று, இரவில் ஒன்று. 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்த பிறகு மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது, காசும் இல்லை. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 7.4 இருந்தது. அந்த வயதுக்கு மோசமில்லை. அவருக்கு இருந்த ஒரே தொல்லை, ராத்திரியில் பாதம் இரண்டும் எரிவது. சொந்தக்காரப் பையன் ஒருவன் சொன்னான் என்று மாதம் 960 ரூபாய்க்கு ஒரு டப்பா வாங்க ஆரம்பித்தார். அறுபது மாத்திரை, காலை ஒன்று, இரவு ஒன்று.

என்னிடம் காட்டியபோது, "இது மருந்து இல்ல மச்சான், சத்து. பக்க விளைவே கிடையாதாம்" என்றார்.

"பக்க விளைவு கிடக்கட்டும் மச்சான், விளைவு இருக்கான்னு கேட்டீங்களா?" என்றேன்.

சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான்கு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, சத்து மாத்திரை சேர்ந்த நாள் முதலாக ராத்திரி மெட்ஃபார்மினை நிறுத்தியிருக்கிறார். "ரெண்டும் எதுக்கு?" என்று அவராகவே முடிவு செய்துவிட்டார். எச்பிஏ1சி 8.9-க்கு ஏறியிருந்தது. டப்பா சர்க்கரையை ஏற்றவில்லை, விட்ட மாத்திரைதான் ஏற்றியது. நான்கு மாதத்துக்கு 3,840 ரூபாய். கால் எரிச்சல் அப்படியே இருந்தது.

அவர் டப்பாவில் முதல் வரியில் இருந்தது குரோமியம், 200 மைக்ரோகிராம். இதற்கு ஒரு கதை இருக்கிறது. 1977-இல் கனடாவின் டொரன்டோ நகரத்தில் ஒரு பெண் நோயாளி, வாய் வழியாகச் சாப்பிட முடியாமல் சில ஆண்டுகளாக ரத்தக் குழாய் வழியாகவே உணவுக் கரைசல் ஏற்றிக்கொண்டிருந்தார். அவருக்குச் சர்க்கரை ஏறியது, எடை குறைந்தது, நரம்பு பாதித்தது. இன்சுலின் கொடுத்தும் சரியாகவில்லை. கரைசலில் குரோமியம் சேர்த்ததும் தேறினார். இன்சுலின் சரியாக வேலை செய்யக் குரோமியம் வேண்டும் என்ற பேச்சுக்கு அது வலு சேர்த்தது. ஆனால் சோறும் குழம்பும் சாப்பிடுகிற நமக்கு அந்த அம்மாவின் நிலைமை வராது. குரோமியம் தானியத்திலும் பருப்பிலும் காயிலும் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கிறது, தேவையும் துளிதான். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2014-இல், குரோமியம் மனித உடலுக்கு அத்தியாவசியம் என்பதற்கே போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது.

சாப்பிடுகிறவர்களிடம் சோதித்துப் பார்க்கவில்லையா என்றால், பார்த்தார்கள். 1997-இல் சீனாவில் 180 நோயாளிகளை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெற்று மாத்திரை, மற்ற இரண்டுக்கும் குறைந்த அளவிலும் அதிக அளவிலும் குரோமியம் கொடுத்தார்கள். நான்கு மாதத்தில் வெற்று மாத்திரைக்காரர்களின் எச்பிஏ1சி 8.5, அதிக அளவு குரோமியம் எடுத்தவர்களுடையது 6.6. விற்கிறவர்கள் இன்றுவரை காட்டுவது இந்த ஆய்வைத்தான். அதற்குப் பிறகு நெதர்லாந்தில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005-இல் எல்லாவற்றையும் பரிசீலித்து, குரோமியத்துக்கும் நீரிழிவுக்கும் தொடர்பு இருக்கிறது என்பது மிகவும் நிச்சயமற்றது என்று முடித்தது. ஒரு மருந்து உண்மையிலேயே வேலை செய்தால், ஊர் மாறினாலும் ஆள் மாறினாலும் பலன் திரும்பத் திரும்பத் தெரிய வேண்டும். மெட்ஃபார்மினுக்கு அப்படித் தெரிகிறது, குரோமியத்துக்குத் தெரியவில்லை.

அடுத்தது மெக்னீசியம். இதைக் குரோமியம் போலத் தள்ளிவிட முடியாது. சர்க்கரை கட்டுக்கு மீறி ஓடும்போது சிறுநீரில் சர்க்கரையோடு மெக்னீசியமும் வெளியேறும். நீர் பிரிய வைக்கும் ரத்த அழுத்த மாத்திரைகளும், நெஞ்செரிச்சலுக்கு வருடக்கணக்கில் விழுங்குகிற ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் மாத்திரைகளும் அதைக் குறைக்கும். அதனால் சர்க்கரைக்காரர்கள் சிலருக்கு மெக்னீசியம் உண்மையிலேயே குறைந்திருக்கும். மெக்சிகோவில் 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், ரத்தத்தில் மெக்னீசியம் குறைவாக இருந்த 63 நோயாளிகளை மட்டும் பொறுக்கி எடுத்து, ஒரு பாதிக்கு மெக்னீசியக் கரைசலும் மறு பாதிக்கு வெற்றுக் கரைசலும் 16 வாரம் கொடுத்தார்கள். முடிவில் மெக்னீசியம் எடுத்தவர்களின் எச்பிஏ1சி 8.0, மற்றவர்களுடையது 10.1.

'மெக்னீசியம் குறைவாக இருந்த' என்பதைக் கவனியுங்கள். குறை இருந்த இடத்தை நிரப்பினார்கள், பலன் தெரிந்தது. குறையே இல்லாதவருக்குக் கொடுத்தால் அதே பலன் வரும் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. நிறைந்த குடத்தில் ஊற்றினால் தரைதான் நனையும். இங்கே தரை நனைவது என்றால் பெரும்பாலும் வயிற்றுப்போக்கு. ஆனால் சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு அது அத்தோடு நிற்காது. மிஞ்சிய மெக்னீசியத்தை வெளியே தள்ள வேண்டியது சிறுநீரகம்தான். அது முடியாமல் ரத்தத்தில் சேர்ந்தால் உடல் தளரும், ரத்த அழுத்தம் விழும், இதயத் துடிப்பு மந்தமாகும். நெடுநாள் சர்க்கரைக்காரர்களில் பலருக்குச் சிறுநீரகம் கொஞ்சமாவது பாதித்திருக்கும், அவர்களுக்கே அது தெரிந்திருக்காது. அதனால் கிரியேட்டினின் பார்க்காமல் மெக்னீசிய மாத்திரை தொடக் கூடாது என்பேன். முருங்கைக்கீரை, கம்பு, கேழ்வரகு, நிலக்கடலை, எள், பருப்பு இவற்றில் இருக்கும் மெக்னீசியத்துக்கு நல்ல சிறுநீரகம் உள்ளவர்கள் பயப்பட வேண்டியதில்லை.

மூன்றாவது வைட்டமின் டி. இதில்தான் பெரிய ஆய்வு நடந்திருக்கிறது. அமெரிக்காவில் சர்க்கரை நோயின் வாசற்படியில் நிற்கிறவர்கள் 2,423 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்குத் தினமும் 4,000 யூனிட் வைட்டமின் டி, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை கொடுத்து, ஏறத்தாழ இரண்டரை வருடம் கவனித்தார்கள். 2019-இல் முடிவு வந்தது. வைட்டமின் எடுத்த 1,211 பேரில் 293 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. வெற்று மாத்திரை எடுத்த 1,212 பேரில் 323 பேருக்கு வந்தது. நூற்றுக்கு 24, நூற்றுக்கு 27. இந்தச் சின்ன வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதால் பலன் நிரூபணமாகவில்லை என்றார்கள். பிறகு 2023-இல் இதுபோன்ற மூன்று ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தபோது, மூன்று வருடத்தில் நூறு பேருக்கு மூன்று பேர் வீதம் தப்பிக்கிறார்கள் என்று தெரிந்தது. ஆக, வாசற்படியில் நிற்பவர்களுக்குக் கொஞ்சம் பலன் உண்டு. உள்ளே வந்துவிட்டவர்களுக்கு, அதாவது நோய் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு, வைட்டமின் டி குறைவு இல்லாதபோது சர்க்கரையைக் குறைக்க அதை நம்ப ஆதாரம் இல்லை.

அந்த மூன்று பேர் என்ற கணக்கை நம் சென்னைக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் இதே வாசற்படிக்காரர்கள் 531 பேரிடம் நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. ஒன்றும் செய்யாமல் விட்டவர்களில் மூன்று வருடத்தில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. தினம் அரை மணி நேரமாவது நடக்கவும், சீனியையும் மாவுப் பண்டங்களையும் குறைக்கவும் சொல்லிக் கண்காணித்தவர்களில் நூற்றுக்கு 39 பேருக்குத்தான் வந்தது. பதினாறு பேர் தப்பித்தார்கள். இரண்டும் வேறு நாடு, வேறு மக்கள், அப்படியே தராசில் வைக்க முடியாதுதான். ஆனாலும் மூன்றுக்கும் பதினாறுக்கும் உள்ள தூரம் தெரிகிறதல்லவா? கடற்கரைச் சாலை ஓரம் காலையில் நடப்பதற்கு யாரும் டப்பா போட்டு விற்க முடியாது, அதனால் விளம்பரமும் இல்லை.

வைட்டமின் டி பற்றி இன்னொன்று. மருந்துக் கடையில் கிடைக்கும் 60,000 யூனிட் பொடியும் மாத்திரையும், குறை உள்ளவர்களுக்கு வாரம் ஒன்று வீதம் சில வாரம் கொடுப்பது. பிறகு மாதம் ஒன்று என்று இறக்கிவிடுவார்கள். இதைச் சத்துதானே என்று தினமும் எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. இது தண்ணீரில் கரைந்து வெளியே போகிற சத்து அல்ல, கொழுப்பில் தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். அப்போது வரும் அறிகுறிகள்தான் ஏமாற்றுபவை: அடிக்கடி தாகம், அடிக்கடி சிறுநீர், சோர்வு. சர்க்கரை ஏறிவிட்டது என்றே நினைக்கத் தோன்றும். சோதித்தால் சர்க்கரை பழைய அளவிலேயே இருக்கும். கூடவே மலச்சிக்கல், குமட்டல், புத்தித் தடுமாற்றம் இருந்தால் மருத்துவரிடம் வைட்டமின் டி எடுக்கிற விவரத்தைச் சொல்லி, கால்சியம் பார்க்கச் சொல்ல வேண்டும். தாமதித்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இனி மச்சானின் கால் எரிச்சலுக்கு வருகிறேன். ராத்திரி மாத்திரையைத் திரும்பத் தொடங்க வைத்து, அறந்தாங்கியில் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். பதினோரு வருடம் மெட்ஃபார்மின் என்றதும் அவர் வைட்டமின் பி12 பார்க்கச் சொன்னார். 142 வந்தது. 200-க்குக் கீழே என்றால் குறைவு என்று கணக்கு.

"தினம் மீன் சாப்பிடுறேன், எனக்கு எப்படி சார் குறையும்?" என்று மச்சான் கேட்டார். நியாயமான கேள்விதான். பி12 மீனிலும் கறியிலும் முட்டையிலும் பாலிலும் நிறைய இருக்கிறது. ஆனால் தட்டில் இருப்பது வேறு, ரத்தத்தில் சேர்வது வேறு. பி12 சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் உறிஞ்சப்படுகிறது. மெட்ஃபார்மின் அந்த இடத்தில் உறிஞ்சுவதைத் தடுக்கிறது. கல்லீரலில் சில வருடத்துக்கான இருப்பு இருப்பதால் உடனே தெரியாது, வருடக்கணக்கில் மெல்லக் கரையும். நெதர்லாந்தில் 390 நோயாளிகளிடம் நான்கு வருடத்துக்கு மேல் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், வெற்று மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்கு பி12 சுமார் 19 சதவீதம் குறைந்தது. நூற்றுக்கு ஏழு பேர் கூடுதலாகக் குறைபாட்டு நிலைக்கே போனார்கள்.

பி12 குறைந்தால் வருவது பாத எரிச்சல், மதமதப்பு, நடையில் தள்ளாட்டம், மறதி. நெடுநாள் சர்க்கரையிலும் இதே பாத எரிச்சல் வரும். அதனால் 'சர்க்கரைன்னா கால் எரியத்தான் செய்யும்' என்று விட்டுவிடுகிறோம். இரண்டையும் பிரித்துக் காட்ட ரத்தப் பரிசோதனை வேண்டும். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

மச்சானுக்கு முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று என்று பி12 ஊசி போட்டார்கள். இரண்டு மாதத்தில் எரிச்சல் பாதியானது. இப்போது ராத்திரி தூங்குகிறார். இடது கால் விரல்களில் மதமதப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. நரம்பு நெடுநாள் பட்டினி கிடந்தால் முழுக்கத் திரும்பாது. எச்பிஏ1சி 7.5-க்கு இறங்கிவிட்டது. அது ஊசியால் அல்ல, ராத்திரி மெட்ஃபார்மினால். இதைப் பிரித்துச் சொல்லாவிட்டால், "பி12 போட்டா சர்க்கரை குறையும்" என்று ஊரில் ஒரு புதுக் கதை கிளம்பிவிடும். பி12 நரம்புக்கு, சர்க்கரைக்கு அல்ல.

பி12 குறைக்கிறதே என்று மெட்ஃபார்மினை நிறுத்திவிடாதீர்கள். கண்ணையும் சிறுநீரகத்தையும் காப்பது கட்டுக்குள் இருக்கும் சர்க்கரை. நான்கைந்து வருடத்துக்கு மேல் அதைச் சாப்பிடுகிறவர்கள், அதிலும் சைவச் சாப்பாட்டுக்காரர்கள், நெஞ்செரிச்சல் மாத்திரையும் சேர்த்துப் போடுகிறவர்கள், மருத்துவரிடம் கேட்டு அவ்வப்போது பி12 பார்த்துக்கொண்டால் போதும். குறைந்தால் நிரப்பிக்கொள்ளலாம், பெரிய செலவும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், மச்சானின் 960 ரூபாய் டப்பாவில் பதினான்கு பெயர்கள் இருந்தன. அவருக்கு உண்மையில் குறைந்திருந்த பி12 அதில் ஒரு மைக்ரோகிராம். மருத்துவர் போட்ட ஒரு ஊசியில் இருந்தது ஆயிரம் மைக்ரோகிராம்.

வீட்டில் இப்படி டப்பா வைத்திருக்கிறவர்கள் அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அதையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். "இதைச் சாப்பிடலாமா?" என்று மட்டும் கேட்டால், "சாப்பிட்டால் சாப்பிடுங்கள்" என்ற பதிலோடு முடிந்துவிடும். "எனக்கு இதில் எது குறைவாக இருக்கிறது, எந்தப் பரிசோதனையில் தெரியும்?" என்று கேளுங்கள். குறை இருப்பதாகத் தெரிந்தால் அதை மட்டும், சொன்ன அளவில், சொன்ன காலத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அந்த டப்பாவுக்காக ஏற்கெனவே சாப்பிடுகிற ஒரு மாத்திரையைக்கூட நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.